சீன மொழித் திரையும் என் 30 USDT-யும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் சீன மொழியில் இருந்தது. மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே கிரிப்டோ வாலெட்டை நிறுவினேன். அதுவும் சீனத்திலேயே திறந்தது. எக்ஸ்சேஞ்சில் உள்ள என் Ethereum டெபாசிட் முகவரிக்கு 30 USDT அனுப்ப வேண்டும். முகவரியை ஒட்டி, தொகையைப் போட்டதும் உறுதிப்படுத்தும் திரை வந்தது.

இன்னொரு போனின் கேமராவை நீட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். 矿工费 என்ற வரிக்கு “சுரங்கத் தொழிலாளி கூலி” என்று வந்தது! யாருக்கோ கூலி கொடுக்கச் சொல்கிறதே என்று பயந்து, அது பரிவர்த்தனைக்காக நெட்வொர்க் வாங்கும் வெறும் கேஸ் கட்டணம்தான் என்று புரிந்துகொள்ளவே பத்து நிமிடம் போயிற்று. அந்தக் குழப்பத்தில் மேலே ஆங்கில எழுத்திலேயே இருந்த BNB Smart Chain என்ற நெட்வொர்க் பெயர் கண்ணில் படவில்லை. உறுதிசெய் என்று பொருள்படும் 确认 பட்டனை அழுத்திவிட்டேன்.

பணம் போய்ச் சேரவில்லை. பரிவர்த்தனை எண்ணை Ethereum பரிவர்த்தனைகளைக் காட்டும் Etherscan தளத்தில் தேடினால் ஒன்றுமே இல்லை, BNB Smart Chain-க்கான BscScan-இல் தேடினால் Success. வாலெட் ஏன் தடுக்கவில்லை? இரண்டு நெட்வொர்க்கிலும் முகவரி 0x என்றுதான் தொடங்கும், நீளமும் ஒன்றே. Tron ஆக இருந்திருந்தால் முகவரி T-யில் தொடங்கும். 0x முகவரியை வாலெட் அங்கேயே நிராகரித்திருக்கும்.

பெற்றது என் சொந்த வாலெட்டாக இருந்தால் கவலையே இல்லை, ஒரே சாவி இரண்டு நெட்வொர்க்கையும் திறக்கும். எக்ஸ்சேஞ்ச் முகவரியின் சாவியோ அவர்களிடம். உதவி மையத்தில் முதலில் “இந்த நெட்வொர்க்கை ஏற்பதில்லை” என்று ஒற்றை வரியில் கைகழுவினார்கள். மூன்று வாரம் துரத்திய பிறகு, மீட்புக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கூலி வரியிலேயே விடை இருந்திருக்கிறது. கட்டணம் BNB-யில் காட்டியது. Ethereum வழியாகப் போவதென்றால் அது ETH-இல் இருந்திருக்க வேண்டும். திரை எந்த மொழியில் இருந்தாலும் நாணயத்தின் பெயரும் எண்களும் மாறுவதில்லை. இப்போதெல்லாம் கட்டணத்தின் அலகைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்த முறை இன்னொரு கூத்து. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்தேன். திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று வந்தது. கேமராவில் அரைகுறையாகத்தான் புரிந்தது, ஆனால் 相似 என்பதற்கு “ஒத்திருக்கிறது” என்று தெளிவாகக் காட்டியது. சரி, எதற்கு வம்பு என்று எக்ஸ்சேஞ்ச் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டேன். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் அப்படியே இருந்தன, நடுவில் எல்லாமே வேறு! எவனோ எனக்குப் பூஜ்ஜியத் தொகைப் பரிவர்த்தனை ஒன்றை அனுப்பி, தன் போலி முகவரியைப் பட்டியலில் நுழைத்திருக்கிறான்.

取消 என்றால் ரத்து. அதற்குள் அதை மனப்பாடம் செய்திருந்தேன். கையெழுத்திடும் வரை எதுவும் போகாது என்பதால் நிம்மதியாக வெளியே வந்து, அன்றைக்குத்தான் அமைப்புகளுக்குள் போய் மொழியை மாற்றினேன். இரண்டே தட்டல்.