ஒற்றை வரிக் கடிதத்துக்கு எதிராக எழுத்தாணை: எங்கள் மில் வழக்கில் நடந்தவை

"தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்பதை இத்தால் அறியத்தருகின்றேன்." பிரதேச சபையிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். காரணம் இல்லை, எந்தச் சட்டத்தின் கீழ் என்று இல்லை, யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்றும் இல்லை. அப்பா இருபது வருடத்துக்கு மேலாக நடத்திய மா அரைக்கும் மில்லின் 2024ஆம் ஆண்டு வியாபார அனுமதிப்பத்திரம் இந்த ஒரு வரியில் போனது. எந்தச் சபை என்று நான் எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படிக் கடிதம் வாங்கிய வேறு ஆட்களும் இருப்பார்கள், அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் கொடுத்தது, கட்டணம் கட்டியது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தது எல்லாம் வழமைபோல நடந்தன. கடிதம் வந்த பிறகுதான் அலைச்சல் தொடங்கியது. கந்தோரில் அந்த விடயத்துக்குப் பொறுப்பானவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "தம்பி, இது செயலாளரின்ர தற்றுணிபு. அவர் வேண்டாமெண்டால் வேண்டாம்தான். விருப்பமெண்டால் திரும்ப ஒரு விண்ணப்பம் போடுங்கோ" என்றார். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 மே தேர்தல் வரை தவிசாளரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. சபையின் அதிகாரம் முழுக்கச் செயலாளரின் கையில் இருந்தது. போய் முறையிட ஒரு வட்டார உறுப்பினர்கூட எங்களுக்கு இருக்கவில்லை.

திரும்ப விண்ணப்பம் போடச் சொல்வதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். புதிய விண்ணப்பம் மேசையில் கிடக்க மாதங்கள் ஓடிவிடும். நாங்கள் போனது எழுத்தாணை வழியில்: அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும்படியோ, அவரின் கடமையைச் செய்யப் பணிக்கும்படியோ நீதிமன்றத்தைக் கேட்பது. எழுத்தாணை மனுவுக்கு இத்தனை நாளுக்குள் என்று சட்டத்தில் எல்லை இல்லாவிட்டாலும், காரணமில்லாமல் தாமதித்து வந்தவரின் மனுவை அந்தத் தாமதத்துக்காகவே நீதிமன்றம் தள்ளிவிடலாம். அடிப்படை உரிமை மனுவில் இது இன்னும் இறுக்கம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை. ஆனால் வாசலை மூடாமல் வைக்க முதல் வாரத்திலேயே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டோம்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மில்லை ஓட விடலாமா என்று மாமா கேட்டார். ஓட விட்டால் சபை நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடும். பிறகு மேல் நீதிமன்றத்தில் நாங்கள் சட்டத்தை மீறியவர்களாகத்தான் போய் நிற்போம். அப்பா மில்லைப் பூட்டினார். மிளகாயும் ஒடியலும் கொண்டு வந்த சனத்தைப் படலையில் வைத்தே திருப்பி அனுப்பினது அவருக்குப் பெரிய நோவு.

சட்டத்தரணி முதலில் கேட்டது எங்கள் கதையை இல்லை, சபையின் கோவையைத்தான். "செயலாளர் எடுத்த முடிவு நல்லதோ கெட்டதோ எண்டு கோர்ட் பார்க்காது. அந்த முடிவை எப்பிடி எடுத்தார் எண்டுதான் பார்க்கும். அது கோவைக்குள்ளதான் கிடக்கும்" என்றார். இந்த விளக்கம்தான் வழக்கு முழுவதையும் நடத்தியது. தற்றுணிபு என்றால் நினைத்ததைச் செய்யும் உரிமை என்று கந்தோர்களில் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரம் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவரே யோசித்து முடிவெடுக்க வேண்டும். சம்பந்தமில்லாத விடயத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பாதிக்கப்படப் போகிறவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலே நீதிமன்றம் தலையிட இடம் வந்துவிடும்.

கோவையை எடுக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் கைகொடுத்தது. இரண்டு கடிதங்கள் கொடுத்தோம். ஒன்று, கோவையின் பிரதிகளைக் கேட்டு. மற்றது அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ். ஓர் உத்தியோகத்தரின் முடிவால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் அவர் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பிரிவு. பலருக்கு இது தெரியாது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு "இது உள்ளக ஆவணம்" என்று பதில் வந்தது. குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்தோம். அதற்கும் 14 நாட்கள்தான், தவற விடாதீர்கள். அதன் பிறகு பிரதிகள் வந்தன. காரணம் கேட்ட கடிதத்துக்குக் கடைசி வரை பதிலே இல்லை. அந்த மௌனம் பிறகு எங்களுக்குத்தான் உதவியது.

வந்த பிரதிகள் வெறும் போட்டோக்கொப்பி, ஒரு முத்திரைகூட இல்லை. எழுத்தாணை மனுவோடு மூலத்தையோ உறுதிப்படுத்திய பிரதியையோ இணைக்க வேண்டும். இதை வைத்து மனுவைப் போட்டால் முதல் தவணையிலேயே எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும் என்று சட்டத்தரணி திருப்பித் தந்தார். மீண்டும் கந்தோருக்குப் போனால் முத்திரை வைப்பவர் லீவு. அவர் வந்த பிறகு, "உங்கட விண்ணப்பத்தில உறுதிப்படுத்தி எண்டு கேட்கேல்லையே" என்றார்கள். எனவே கேட்கும் கடிதத்திலேயே "உறுதிப்படுத்திய பிரதி" என்று எழுதிவிடுங்கள்.

அந்தக் கோவையில் மூன்று தாள்கள் முக்கியமாக இருந்தன. முதலாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை. தூசி வெளியே போகாமல் பை பொருத்த வேண்டும், இரவில் இயக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வழங்கலாம் என்று அவர் எழுதியிருந்தார். இரண்டாவது அயலில் இருந்து போன ஒரு பெட்டிசம். அதை எங்களுக்கு யாரும் காட்டவே இல்லை. மூன்றாவது குறிப்புத் தாள். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு: மேலிடத்திலிருந்து தொலைபேசியில் கிடைத்த பணிப்புக்கமைய நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன். அதன் கீழே செயலாளரின் கையொப்பமும் "ஆம்" என்ற ஒரு சொல்லும். எங்கள் வீட்டு வருமானம் நின்றதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். சட்டத்தரணி அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதிகாரம் செயலாளருடையது, முடிவோ தொலைபேசியில் பேசிய வேறொருவருடையது. அதோடு பெட்டிசத்துக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

எந்த நீதிமன்றம் என்பதையும் முதலே கேட்டுத் தெளியுங்கள். மாகாண சபைகளுக்குரிய விடயங்களின் நிரலில் உள்ளூராட்சியும் இருப்பதால், அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரையின் கீழ் யாழ்ப்பாணத்தில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்திலேயே மனுவைக் கொடுக்க முடிந்தது. அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தல் என்றால் கதை வேறு. 2013இல் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்த வகை எழுத்தாணைக்குக் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பிழையான இடத்தில் போட்டால் பணமும் போய், தாமதமும் உங்கள் தலையில் விழும்.

சத்தியக்கடதாசி எழுதும்போது வீட்டில் ஒரு வாக்குவாதம். 2022இல் தூசி பற்றிச் சபை ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. அதை மனுவில் காட்ட வேண்டாம் என்றார் மாமா. சட்டத்தரணி ஒரே பிடியாக நின்றார். எழுத்தாணை கேட்டு வருபவர் பாதகமான உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்தது தெரிந்தால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்காமலே மனுவைத் தள்ளுவார்கள். கடிதத்தை இணைத்தோம். பிறகு எதிர்த்தரப்பு அதே கடிதத்தை ஆதாரமாகக் கொண்டு வந்தபோது, அது ஏற்கனவே எங்கள் மனுவில் இருந்தது. அன்று சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்த மாமா பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இடையில் செயலாளர் இடமாற்றம் பெற்றுப் போனார். ஓர் உத்தியோகத்தர் இதைச் செய்ய வேண்டும் என்று பணிக்கும் எழுத்தாணையை, பதவியில் இருக்கும் ஆளின் பெயரில்தான் கேட்க வேண்டும் என்று 1960களில் நாவலப்பிட்டி நகர சபை வழக்கிலிருந்தே ஒரு பிடி இருக்கிறது. சண்டைக்கு இடம் வைக்காமல் புதியவரின் பெயரைச் சேர்த்து மனுவைத் திருத்தினோம். அதற்கென்று ஒரு தவணை போனது.

சபையின் ஆட்சேபனையில் புதிதாகக் காரணங்கள் முளைத்திருந்தன. ஒழுங்கை ஒடுக்கமாம், பக்கத்தில் பாலர் பாடசாலை இருக்கிறதாம். கோவையில் இவற்றைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. எங்கள் சட்டத்தரணி கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் வழக்கைக் காட்டினார். முடிவு நீதிமன்றத்தில் கேள்விக்கு வரும்போது காரணங்களை வெளிப்படுத்த வேண்டும், வெளிப்படுத்தாவிட்டால் காரணமே இருக்கவில்லை என்று ஊகிக்கலாம் என்பது அதில் உயர் நீதிமன்றம் சொன்னது. 35ஆம் பிரிவில் நாங்கள் கேட்டு, பதில் வராமல் போன கடிதத்தையும், அதன் பதிவுத்தபால் பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

தீர்ப்பில் நிராகரிப்புக் கடிதம் இரத்தானது. ஆனால் அனுமதிப்பத்திரத்தைக் கொடு என்ற கட்டளையை நீதிபதி தரவில்லை. இரு பக்கத்தையும் விசாரித்து, சட்டப்படி புதிதாக முடிவெடு என்றுதான் சபையைப் பணித்தார். "வென்றும் கையில ஒண்டுமில்லையே" என்று அப்பா தளர்ந்து போனார். எழுத்தாணையில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். செயலாளரின் கதிரையில் நீதிபதி ஏறி உட்கார மாட்டார். இது முதலே தெரிந்திருந்தால் வீட்டில் அவ்வளவு சோர்வு வந்திருக்காது. வழக்குச் செலவையும் அவரவரே ஏற்கச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு நடந்த விசாரணையில்தான் பெட்டிசம் எழுதிய அயலவரை முதன்முதலாக எதிரே கண்டோம். மத்தியானத்துக்குப் பிறகு மிளகாய் அரைத்தால் அவரின் தாய்க்கு இருமல் வருகிறது, அதுதான் அவரின் குறை. நியாயமான குறை. மிளகாயைக் காலையில் மட்டும் அரைப்பது, தூசிப் பை பொருத்துவது என்று அங்கேயே இணங்கினோம். அனுமதிப்பத்திரம் கிடைத்தது.

அது டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும். ஆகவே ஜனவரியில் மறுபடி விண்ணப்பித்தேன். தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியையும் விசாரணைக் குறிப்பையும் இணைத்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டுதான் கந்தோரை விட்டு வெளியே வந்தேன்.