இரண்டு வலது கைகள்

செங்கோட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இவருக்குப் புனலூரில் ஒரு கடையில் வேலை. விடிந்ததும் ஆரியங்காவு வழியாகப் பஸ் பிடித்துப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். மகளுக்கு மூன்று மாதம் ஆனதும் அம்மா வீட்டிலிருந்து வந்து மெஷினைத் திறந்தேன். வீட்டில் அத்தை இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. உட்கார்ந்தபடி அரை மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்திருக்க முடியும், அவ்வளவுதான்.

முதல் நாளே காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு டைம்டேபிள் எழுதி ஒட்டினேன். ஒன்பதிலிருந்து பத்து வரை வெட்டுவது, பத்திலிருந்து தைப்பது என்று. என்னைக் கொண்டுவிட வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, புள்ள பசிச்சா எந்திரிக்குமா, மணி பார்த்து எந்திரிக்குமா?” என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். பார்டர் வைத்த பட்டுத் துணி. பார்டர் கையின் ஓரத்தில் வர வேண்டும் என்பதால் கைகளை ஒன்றாக மடித்து வெட்ட முடியவில்லை, ஒவ்வொன்றாக வெட்டினேன். கைக்குழி முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக இருக்கும். அதனால் இரண்டாவது கைக்கு அளவுத் தாளைத் திருப்பிப் போட வேண்டும். முதல் கையை வெட்டியதும் இவள் அழுதாள். பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து, தாளைத் திருப்பாமலே இரண்டாவதையும் வெட்டிவிட்டேன். இரண்டும் வலது கை! தைக்கக் கொடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, தென்காசியில் அலைந்து கிட்டத்தட்ட ஒத்துப்போகிற துணி வாங்கிக் கொடுத்தேன். அந்த பிளவுஸில் எனக்குக் கூலி நின்றதாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கு ராத்திரி டைம்டேபிளைக் கிழித்துவிட்டு வேலைகளை வேறு மாதிரிப் பிரித்தேன். எந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் கெட்டுப்போகாது என்பதுதான் ஒரே கேள்வி. வெட்டுவது கெட்டுப்போகும், அதனால் அத்தை மடியில் பிள்ளை இருக்கிற அரை மணியில் மட்டும் வெட்டுவேன். மெஷினில் ஓட்டுவதை ஒரு தையல் முடிகிற இடத்தில் நிறுத்தலாம். கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் விடலாம். ஒன்று மட்டும் கவனம்: எழுந்திருக்கும் முன் ஊசி பஞ்சில் இருக்க வேண்டும், கொக்கிகளை எண்ணி மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். கீழே விழுந்த கொக்கி பிள்ளையின் வாய்க்குள் போக ஒரு நிமிஷம் போதும். எங்கே விட்டேன் என்பதைத் துணியிலேயே சாக்பீஸால் ஒரு வார்த்தை எழுதி வைப்பேன்: ‘திருப்பு’, ‘பட்டி பாக்கி’ என்று.

நாளுக்கு மணி கிடையாது, வரிசை மட்டும்தான். எழுந்தால் பால், துணி மாற்றுவது, பாயில் விளையாட்டு, தூக்கம். இந்த வயதில் இவளால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்க முடியவில்லை. கொட்டாவி விட்டாலோ, காதைத் தேய்த்தாலோ, என்னைப் பார்க்காமல் சுவரை வெறித்தாலோ உடனே தொட்டிலில் போடுவேன். அதைத் தவறவிட்டால் அழுதுதான் தூங்குவாள். எந்தப் பக்கம் பால் கொடுத்தேன் என்பதும் மறந்துபோகும். அடுத்து எந்தப் பக்கமோ அந்தக் கையில் ஒரு ரப்பர் வளையல், அதுதான் கணக்கு.

ஆடிச் சாரல் அடித்த ஒரு வியாழக்கிழமையைச் சொல்கிறேன். மறுநாளைக்குள் இரண்டு பிளவுஸ் தர வேண்டும். காலைத் தூக்கம் இருபது நிமிஷத்தில் கலைந்தது, காற்றில் ஜன்னல் அடித்த சத்தம். முன்பானால் மறுபடி தூங்க வைக்க அரை மணி ஆட்டியிருப்பேன். அன்று விட்டுவிட்டேன், வரிசையைப் பாலிலிருந்து மறுபடி தொடங்கினேன். அடுத்த தூக்கத்தில் கரன்ட் போயிற்று. கால் மெஷின்தான், ஆனால் மழை இருட்டில் தையல் தெரியவில்லை. சரி, ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்கி வைத்தேன். பதினொரு மணிக்கு அத்தை வாங்கிக்கொண்டார், இரண்டாவது பிளவுஸை வெட்டி முடித்தேன். மதியம் அவள் நன்றாகத் தூங்கினாள், நானும் கூடவே படுத்துவிட்டேன். மதியத் தூக்கத்தில் தைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், இரவில் இரண்டு முறையாவது எழ வேண்டியிருக்கிறதே. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அரை மணிக்கு ஒரு முறை பால் கேட்டாள். அந்த நேரத்துக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்வதே இல்லை, இரவுச் சோற்றைக்கூட மதியமே வடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பிளவுஸ்தான் போயிற்று. மற்றது சனிக்கிழமை மாலை. ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்ததில், முன்பு தினமும் ஒன்று முடித்த எனக்கு இப்போது மூன்று நாளுக்கு இரண்டுதான் முடிகிறது. இப்போது துணி வாங்கும்போதே அந்தக் கணக்கில் நாள் சொல்கிறேன், கூடவே ஒரு நாள் சேர்த்து. தடுப்பூசி போடுகிற வாரம் என்றால் இரண்டு நாள் சேர்ப்பேன். ஊசி போட்ட அன்று காய்ச்சலில் மடியை விட்டு இறங்க மாட்டாள். சிலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகட்டும்.

போன வாரம் குப்புறக் கவிழ ஆரம்பித்திருக்கிறாள். பாயை மெஷினிலிருந்து தள்ளிப் போட வேண்டும், சாக்பீஸ் டப்பா மேல் அலமாரிக்குப் போயாயிற்று.