பதிவேட்டில் 2.9, உள்ளே மைனஸ் 1.8

திங்கட்கிழமை காலை 8.40. ஃப்ரிட்ஜின் வெளித் திரை 2.9 டிகிரி காட்டியது. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கில் எல்லோருக்கும் மனப்பாடம். 2.9 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அதை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தால் எதுவுமே நடக்காதது போல நாள் நகர்ந்திருக்கும்.

ஆனால் ஞாயிறு விடுமுறை என்பதால், திங்கள் காலையில் மட்டும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். (தினமும் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அதையும் பிறகு அறிவிப்பில் எழுத வேண்டியிருந்தது.) குறைந்தபட்சம் என்ற பொத்தானை அழுத்தியதும் வந்த எண் மைனஸ் 1.8.

முதலில் எனக்கு அது பெரிய விபரீதமாகத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூடாகிவிட்டால்தான் தடுப்பூசி கெடும், குளிர் எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்ற எண்ணம் பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பிகளை எடுத்துப் பார்த்தேன். எதிலும் பனிக்கட்டி இல்லை. லேபிளில் இருக்கும் வட்டத்துக்குள், வெப்பம் பட்டால் கறுக்கும் சதுரம் வெளிறித்தான் இருந்தது. அந்தச் சதுரம் வெப்பத்தை மட்டுமே கணக்கு வைக்கும். உறைந்து மீண்ட குப்பியிலும் அது அப்படியேதான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வர எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

ஹெப்படைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, நிமோகாக்கல் போன்றவற்றில் அலுமினிய உப்பின் நுண்துகள்கள் மீது மருந்து ஒட்டியிருக்கிறது. உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கித் திரளைகளாக்கிவிடுகின்றன. உருகிய பிறகு திரவம் பழையபடி வெண்மையாகக் கலங்கித் தெரியலாம். ஆனால் திரண்ட துகள்கள் பிரிவதில்லை, போன வீரியம் திரும்புவதில்லை. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மைனஸ் அரை டிகிரியை ஒட்டியே உறையக் கூடியது. எங்கள் எண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

ஃப்ரிட்ஜிலிருந்த 64 டோஸ்களையும் ஒரே கூடையில் சேர்த்து, 'பயன்படுத்தாதீர்கள், அப்புறப்படுத்தவும் வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, சரியான வெப்பநிலையில் இருந்த இன்னொரு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன். தூக்கிப் போட்டுவிடத் தோன்றும், கூடாது. எது கெட்டது, எது பிழைத்தது என்று முடிவெடுப்பது நம் வேலை அல்ல. முடிவு வரும்வரை அவற்றைச் சரியாக வைத்திருப்பது மட்டுமே நம் வேலை.

பிறகு அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். 10.05க்கு விநியோகஸ்தருக்கும் சுகாதார அதிகாரிக்கும் நான் அனுப்பிய முதல் அறிவிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான்: "வார இறுதியில் எங்கள் ஃப்ரிட்ஜின் வெப்பநிலை மைனஸ் 1.8 வரை இறங்கியது. இப்போது சீராகிவிட்டது. தடுப்பூசிகளைப் பயன்படுத்தலாமா எனத் தெரிவிக்கவும்."

அரைப் பக்கம்கூட இல்லாத அந்தக் கடிதத்துக்கு 11.30க்கு விநியோகஸ்தரிடமிருந்து கேள்விகளாகவே பதில் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை மணி நேரம்? ஒரே மூச்சிலா, விட்டுவிட்டா? உணரி காற்றில் தொங்குகிறதா, திரவத்தில் மூழ்கியிருக்கிறதா? எந்தத் தட்டில்? ஒவ்வொரு தடுப்பூசியின் பேட்ச் எண், காலாவதித் தேதி, டோஸ் எண்ணிக்கை என்ன? இதே பேட்ச்கள் இதற்கு முன் எப்போதாவது எல்லை மீறிய வெப்பநிலையில் இருந்தனவா?

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது. விநியோகஸ்தர் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. தயாரித்த நிறுவனத்தின் நிலைப்புத்தன்மைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தத் தரவுகள் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் என்று பேசுகின்றன. மைனஸ் 1.8 என்ற ஒற்றை எண்ணை அவற்றோடு பொருத்திப் பார்க்கவே முடியாது.

ஃப்ரிட்ஜுக்குள் இருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கணினியில் இணைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது குறித்து வைத்த வரைபடம் திரையில் விரிந்தது. சனிக்கிழமை மாலை சற்று நேரம் 8.3. அதற்குப் பிறகு ஒரே இறக்கம். இரவு 9.40க்கு 2 டிகிரிக்குக் கீழே போனது திங்கள் காலை 8.20 வரை மேலே வரவே இல்லை: 34 மணி 40 நிமிடம். அதற்குள் இரண்டு பள்ளங்கள். ஞாயிறு விடியலில் 1 மணி 50 நிமிடம் பூஜ்யத்துக்குக் கீழே, மிகக் குறைவு மைனஸ் 0.9. திங்கள் விடியலில் 3 மணி 10 நிமிடம், மிகக் குறைவு மைனஸ் 1.8.

அந்த வடிவமே கதையைச் சொன்னது. இயந்திரம் பழுதானால் இப்படித் திடீரென இறங்கி, திடீரெனச் சரியாகாது. யாரோ திருகியிருக்கிறார்கள், யாரோ திரும்ப மாற்றியிருக்கிறார்கள்.

கேட்டதும் இளைய செவிலியர் மறைக்கவில்லை. "அக்கா, சனிக்கிழமை புதுச் சரக்கை அடுக்கியதும் 8.3 காட்டியது. குமிழை 3லிருந்து 5க்குத் திருப்பினேன். 5 டிகிரியில் நிற்கும் என்று நினைத்தேன்" என்றாள். எங்கள் ஃப்ரிட்ஜ் வீட்டு உபயோகத்துக்கானது. அதன் குமிழில் இருக்கும் எண் வெப்பநிலை அல்ல. எண் கூடக் கூடக் குளிர் கூடும். கதவைத் திறந்து வைத்துச் சரக்கு அடுக்கினால் சற்று நேரம் வெப்பம் ஏறுவது இயல்பு, கதவை மூடினால் தானாக இறங்கிவிடும். திங்கள் காலை 7.30க்கு வந்த இன்னொருவர் திரையில் 0.6 இருப்பதைப் பார்த்து, சத்தமில்லாமல் குமிழை 3க்கே திருப்பிவிட்டார். அவருக்குத் தெரிந்தவரை சிக்கல் அத்தோடு தீர்ந்துவிட்டது. 8.40க்கு நான் பார்த்த 2.9 அப்படி வந்ததுதான்.

இதை அறிவிப்பில் எழுதலாமா என்று மருத்துவர் தயங்கினார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டுவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறு என்று எழுதினால் அடுத்த கேள்வி ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்தீர்களா என்பதாக இருக்கும். பழுதே இல்லாத பெட்டிக்கு எந்தச் சான்றைக் காட்டுவது? பெயர் குறிப்பிடாமல், 'வெப்பநிலைக் குமிழ் தவறாக மாற்றி வைக்கப்பட்டது' என்று எழுதி, எந்த நேரம் மாற்றப்பட்டது, எந்த நேரம் திரும்ப வைக்கப்பட்டது என்பதைச் சேர்த்தோம்.

அதைவிடக் கஷ்டமான வரி ஒன்று இருந்தது. அன்று காலை 8.15க்கே, நான் வருவதற்கு முன், இரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். ஒன்று தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர், இன்னொன்று ஹெப்படைடிஸ் பி. முதல் அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. விநியோகஸ்தர் மருந்தைப் பற்றிச் சொல்வார். போட்டுக்கொண்டவரைப் பற்றிச் சுகாதார அதிகாரிதான் சொல்ல முடியும். இருவருக்கும் அறிவிப்பு போக வேண்டியது இதனால்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

முந்தைய மீறல் பற்றிய கேள்விக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். ஆறு வாரங்களுக்கு முன் மின்வெட்டின்போது 2 மணி நேரம் 11.2 வரை ஏறியிருந்தது. 'கரண்ட் இல்லை' என்ற ஓரக்குறிப்போடு அதை விட்டிருந்தோம். இப்போதைய எம்எம்ஆர் பேட்ச் அன்றும் ஃப்ரிட்ஜில் இருந்தது. அது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. உலர்த்திய தூள் வடிவில் இருப்பதால் குளிர் அதை ஒன்றும் செய்யாது, வெப்பம்தான் அரிக்கும். வெப்பச் சேதம் சேர்ந்துகொண்டே போவது, மீண்டும் குளிரவைத்தாலும் மறைவதில்லை. ஆகவே அதையும் சேர்த்தேன்.

3.40க்கு அனுப்பிய இரண்டாவது அறிவிப்பு இரண்டு பக்கம். இருவருக்கும் ஒரே கடிதம், ஒரே எண்கள். காலையில் அவசரத்தில் அதிகாரிக்குப் போன பிரதியில் 62 டோஸ் என்றும் விநியோகஸ்தருக்குப் போனதில் 64 என்றும் இருந்ததை அதிகாரி தொலைபேசியில் சுட்டிக்காட்டியிருந்தார். வரைபடத்தையும், எந்தத் தட்டில் எந்தப் பெட்டி இருந்தது என்று கையால் வரைந்த படத்தையும் இணைத்தேன். உணரி நடுத்தட்டில் கிளைக்கால் திரவப் புட்டிக்குள் இருந்தது, எனவே அது காட்டியது காற்றின் குளிரை அல்ல, ஏறத்தாழக் குப்பிக்குள் இருந்த குளிரை. ஆனால் கூட்டுத் தடுப்பூசிப் பெட்டிகள் பின்பக்கத் தகட்டை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. அங்கே மைனஸ் 1.8ஐவிடவும் குளிர்ந்திருக்கும்.

குலுக்கல் சோதனை செய்து பார்க்கலாமே என்று மருத்துவர் கேட்டார். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு குப்பியை வேண்டுமென்றே கட்டியாக உறைய வைத்து, உருக்கி, சந்தேகத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, எது வேகமாகப் படிகிறது என்று பார்ப்பது அது. அலுமினிய உப்பு உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். எங்களிடம் இருந்த போலியோ ஊசி மருந்தில் அது கிடையாது. அதிகாரியிடம் கேட்டோம். இவ்வளவு தெளிவான பதிவு கையில் இருக்கும்போது அது தேவையில்லை என்றார்.

எழுத்துப்பூர்வமான முடிவு மூன்றாம் நாள் வந்தது. ஹெப்படைடிஸ் பி 18, கூட்டுத் தடுப்பூசி 14, நிமோகாக்கல் 12, போலியோ ஊசி 9: இந்த 53 டோஸ்களும் பயன்படுத்தத் தகாதவை. எம்எம்ஆர் 11 டோஸ்கள், ஆறு வாரத்துக்கு முந்தைய வெப்பத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் தகுதியானவை. அவற்றோடு வரும் கரைப்பு நீர்க் குப்பிகளில் மட்டும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். எதிலும் இல்லை.

ஹெப்படைடிஸ் பி போட்டுக்கொண்ட குழந்தைக்கு அந்த டோஸைக் கணக்கில் கொள்ளாமல் மீண்டும் போட வேண்டும் என்பது அதிகாரியின் முடிவு. அதன் தாயை நானே தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டது ஒன்றே: "கெட்ட மருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" ஊசி போட்ட இடம் சற்றுத் தடித்துச் சிவக்கலாம், பெரிய தீங்கு இருக்காது, ஆனால் பாதுகாப்புக் கிடைத்திருக்காது என்றேன். மறுநாள் வந்தார்.

அழிப்புப் பதிவேட்டில் 53 டோஸ்களுக்கும் பேட்ச் வாரியாக இரண்டு பேர் கையெழுத்திட்டோம். ஃப்ரிட்ஜ் குமிழின் மேல் இப்போது கெட்டியான பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. அதில் இளைய செவிலியரின் கையெழுத்தில்: "இது டிகிரி அல்ல. தொடாதீர்கள். என்னைக் கேளுங்கள்."