மழையா, காற்றா? இரண்டு மாடிகள், நான்கு மாதங்கள்

உதகையில் என் வீட்டு மாடியிலும், கோவையில் தங்கை வீட்டு மாடியிலும் ஒரே மாதிரி PMS5003 நுண்துகள் உணரியைப் பொருத்தி நான்கு மாதங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் நகரக் காற்று ஏன் தெளிகிறது என்பதை எண்ணில் பார்க்கும் ஆசைதான் காரணம்.

முதல் தடுமாற்றம் ஏப்ரலில். உதகையில் மூடுபனி இறங்கிய மாலையில் PM2.5, அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் எடை, 110 மைக்ரோகிராம் காட்டியது. புகை நாற்றம் துளியும் இல்லை; ஈரப்பதமோ 97 சதவீதம். உணரி துகள்களை எண்ணப் பயன்படுத்தும் லேசர் ஒளியைச் சிதறடித்தவை பனித்துளிகளும் ஈரத்தில் ஊதிய துகள்களும்தான். காற்று நுழையும் குழாயில் சிறு மின்தடைக் கம்பியைச் சுற்றி, சில டிகிரி சூடாக்கினேன். எண் 14க்கு இறங்கியது. தங்கையின் கருவிக்கும் அதையே செய்தோம். அதற்கு முந்தைய மழைநாள் அளவுகளையெல்லாம் அழித்துவிட்டேன்.

இந்த உணரி பெரிய தூசியைச் சரியாக எண்ணாது. எனவே வாஸ்லைன் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, நுண்ணோக்கியில் தூசியை எண்ணினோம்.

மே மாதத்தில் கோவையில் காற்றே இல்லாமல் ஒரு கோடை மழை, நாற்பது நிமிடம். ஸ்லைடில் தூசி கால்வாசியாகக் குறைந்தது. PM2.5 மட்டும் 31லிருந்து 27. "அண்ணா, இவ்வளவு மழைக்கு நாலுதானா?" என்று தங்கை ஏமாற்றத்தோடு கேட்டாள்.

எனக்கோ அதுதான் மிகப் பிடித்த முடிவு. ஒரு மில்லிமீட்டர் மழைத்துளி வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. காற்று அதைச் சுற்றி விலகி ஓடும். கனமான தூசியால் அப்படித் திரும்ப முடியாது, துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகமிக நுண்ணிய துகள்கள் அலைக்கழிந்து துளியைத் தொட்டுவிடும். இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலானவை காற்றோடு வளைந்து தப்பிவிடுகின்றன. வாகனப் புகை, விறகுப் புகை ஆகியவற்றின் எடையில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான். மணிக்கணக்கில் பெய்தால் அவையும் குறையும், ஆனால் மெதுவாக.

ஜூனில் கோவையே விடை சொன்னது. மலைகளின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் அங்கே சாரல்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ ஜன்னலை அறையும். ஸ்லைடில் தூசி அவ்வளவாகக் குறையவில்லை, சாலைப் புழுதியைக் காற்று கிளப்புகிறது. PM2.5 மட்டும் பல நாட்கள் 12ஐ ஒட்டியே நின்றது. சாலையில் வாகனங்கள் குறையவில்லை. அதே புகை, அரபிக்கடலிலிருந்து வரும் காற்றில் கலந்து நீர்த்துவிடுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அடர்த்தி ஏறக்குறைய பாதியாகும். இரவில் தரையோடு புகையை அமுக்கும் அசையாத அடுக்கும் உருவாவதில்லை.

ஜூலையில் பருவக்காற்று தளர்ந்தது. மூன்றாம் நாள் இரவு தங்கை அனுப்பிய எண் 26. உதகையில் அன்று நல்ல மழை, 9. மழையும் காற்றும் சேர்ந்தே வரும் இங்கே இரண்டையும் பிரித்தறிய வழியில்லை; அடுத்த சோதனையையும் கோவை மாடியில்தான் செய்யப்போகிறோம், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும்.