வாடகை 2,000, பொறுப்பு 2 லட்சம்: அம்மாவின் லாக்கர் ஒப்பந்தத்தைப் படித்த கதை

அம்மாவுக்கு லாக்கர் ரொம்ப காலமாக இருக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில், அப்பா இருக்கும்போதே எடுத்தது. அப்பா போன பிறகு அம்மா பேரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் என்னையும் சேர்க்க வேண்டும் என்று போனபோதுதான் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முத்திரைத்தாளும் அதன் பின்னால் பொடி எழுத்தில் ஒரு கட்டுக் காகிதமும். எல்லாம் ஆங்கிலம்.

"ஆச்சி, எல்லாப் பக்கத்திலயும் ஒரு கையெழுத்து போட்டுருங்க" என்றார் அந்த அலுவலர். நான் வாசிக்க உட்கார்ந்ததும் அம்மா, "ஏட்டி, அதையெல்லாம் படிச்சா சாயங்காலம் ஆயிரும்" என்றாள். ஆகட்டும் என்று நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

நான் முதலில் தேடியது, நகை போனால் வங்கி என்ன தரும் என்பதைத்தான். முன்பெல்லாம் 'உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் பொறுப்பும் இல்லை' என்று வங்கிகள் கையை விரித்துவிடும். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லி, விதிகளை வகுக்க ரிசர்வ் வங்கிக்கு ஆறு மாதம் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் விதிகள் வந்தன, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. இப்போது தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கி பொறுப்பேற்க வேண்டும். தொகை, அப்போதைய ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு.

நூறு மடங்கு என்றதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கணக்குப் போட்டேன். எங்கள் லாக்கர் சின்ன அளவு, ஆண்டு வாடகை 2,000. ரசீதில் ஜிஎஸ்டி சேர்த்து 2,360 என்று இருக்கும், ஆனால் கணக்கு வாடகைக்குத்தான். ஆக 2 லட்சம். இன்றைக்கு தங்கம் விற்கிற விலையில் அதற்குக் கொஞ்சம்தான் வாங்க முடியும். உள்ளே இருப்பது அதைவிடப் பல மடங்கு. "அப்போ மிச்சத்துக்கு?" என்றாள் அம்மா. மிச்சத்துக்கு வங்கி இல்லை. லாக்கர் பொருளுக்கு வங்கியே காப்பீடு விற்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. வேண்டுமென்றால் நாம்தான் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் நகைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

ஆனால் என்னை உறுத்தியது அடுத்த பத்தி. நிலநடுக்கம், வெள்ளம், இடி, மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் சேதம் வந்தால் வங்கிக்குப் பொறுப்பில்லை. வாடிக்கையாளரின் தவறால் மட்டுமே போனாலும் இல்லை. வேறு ஊர்க்காரர்கள் இந்த 'வெள்ளம்' என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போகலாம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் புகுந்ததைப் பார்த்தவர்களால் முடியாது. எங்கள் ஊரில் திருடனைவிட ஆறுதான் பயம். அந்தப் பயத்துக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

அதற்காக வங்கி கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. அப்படிப்பட்ட சீற்றங்களிலிருந்து இடத்தைக் காக்க உரிய கவனம் எடுக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. ஆகவே மறுபடி போனபோது வங்கி மேலாளரிடம் நேரடியாகக் கேட்டேன்: லாக்கர் அறை எந்தத் தளத்தில், போன வெள்ளத்தில் உள்ளே தண்ணீர் வந்ததா? தரைத்தளம். வாசற்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை என்றார். எங்களுடையது கீழ் வரிசையில் இருந்தது, தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை. மேல் வரிசையில் அதே அளவு லாக்கர் காலியானால் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தோம். அம்மாவுக்கு எட்டாதே என்றார் மேலாளர். அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறதே என்றாள் அம்மா. தங்கம் தண்ணீரில் நனைந்தால் கழுவி எடுத்துக்கொள்ளலாம். மூலப்பத்திரம் நனைந்தால் அவ்வளவுதான். அதனால் பத்திரங்களை அன்றைக்கே வெளியே எடுத்து, வீட்டு மாடிக்கு மாற்றிவிட்டோம்.

இடையில் வாடகையில் ஒரு சிக்கல். ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம், ஒரு லட்சத்துக்கு வைப்பு நிதி போடுங்கள் என்றார்கள். விதிப்படி வைப்பு நிதி கேட்கலாம், ஆனால் மூன்று ஆண்டு வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவும் அடங்குகிற அளவுக்குத்தான். எங்கள் கணக்கில் வாடகைப் பங்கு 6,000. அதுவும் புதிதாக எடுப்பவர்களிடம். ஏற்கெனவே வைத்திருப்பவர்களையோ, கணக்கை ஒழுங்காக நடத்துபவர்களையோ கட்டாயப்படுத்தக் கூடாது. "அப்படின்னா எழுதித் தாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. மூன்று ஆண்டு தொடர்ந்து வாடகை கட்டாவிட்டால் உரிய அறிவிப்பு கொடுத்து உடைக்கலாம் என்பதை நாமும் மறக்கக் கூடாது. வாடகை கட்டினாலும் ஏழு ஆண்டு திறக்காமலே, ஆளைக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போனால் அதுவும் ஆபத்து. நடுவில் ஒப்படைத்தால், முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதியைக் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

நாமினி விஷயத்தில் அம்மா வேறு நினைப்பில் இருந்தாள். பெங்களூரில் இருக்கும் தம்பி நாமினி. அவசரத்துக்கு அவன் வந்து திறந்துகொள்வான் என்று. அம்மா இருக்கும்வரை நாமினி அந்தக் கதவருகே போக முடியாது. இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கொடுத்துக் கேட்டால்தான், வங்கி அலுவலரும் வெளிச் சாட்சிகளும் பார்க்க உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுத்துக் கொடுப்பார்கள். ஆவணம் எல்லாம் சேர்ந்த 15 நாளுக்குள் கோரிக்கையைப் பரிசீலித்து, பட்டியல் எடுக்கும் தேதிக்குத் தகவல் சொல்ல வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2025 விதி சொல்கிறது. அப்படி வாங்கினாலும் நாமினி வாரிசுகளுக்காகக் கையில் வாங்குகிறவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். தம்பிக்கு இதைப் போனில் சொன்னபோது, "எனக்கு என்னத்துக்குக்கா, நீயே வச்சுக்கோ" என்று சிரித்தான்.

அம்மாவுக்கு முடியாத நாளில் திறக்க வேண்டும் என்றால் வழி கூட்டு லாக்கர்தான். அதிலும் 'இருவரும் சேர்ந்து' என்று போட்டால் இரண்டு பேரும் போக வேண்டும். ஒருவர் இறந்தால் மற்றவரும் நாமினியும் சேர்ந்துதான் எடுக்க முடியும். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று போட்டால் நான் தனியாகப் போகலாம், அம்மாவுக்குப் பிறகும் தடையில்லை. எங்கள் படிவத்தில் முதல் வகையை முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அடித்துத் திருத்தாமல் வேறு படிவம் வாங்கி இரண்டாவதைப் போட்டோம். நாமினியாகத் தம்பிதான் தொடர்கிறான். 2025 நவம்பர் முதல் ஒருவருக்குப் பின் ஒருவராக நான்கு பேர் வரை போடலாம் என்பதால் அவனுக்கு அடுத்ததாக என் மகளையும் எழுதினோம்.

கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் நமக்கு வர வேண்டும், மூலம் கிளையில் இருக்கும். அதை வாங்கும்போதுதான் கவனித்தேன், பதிவில் இருந்தது அப்பாவின் பழைய மொபைல் எண். லாக்கரைத் திறந்தால் அன்றைக்கே குறுஞ்செய்தி வர வேண்டும் என்பது விதி; அது இத்தனை நாளாக யாருக்குப் போனதோ. என் எண்ணையும் அம்மா எண்ணையும் மாற்றச் சொல்லி, ஒருமுறை லாக்கரைத் திறந்து மூடி, செய்தி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.