பாட் போட்ட 214 பதிவுகள்

கணக்குப் பதிவுகளை ஆளுக்குப் பதிலாகப் போடும் மென்பொருள் பாட் ஒன்று அனுப்பிய மின்னஞ்சலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 212 வரிகள் வந்தன, 203 பதிவாயின, 9 வரிகள் ஆளிடம் திருப்பி அனுப்பப்பட்டன. கூட்டினால் கணக்கு இடிக்கவில்லை. ஆனால் மாதக் கணக்கை மூடும் அந்த வாரத்தில், அதே பாட்டின் யூசர் ஐடியில் லெட்ஜரில் ஏறியிருந்த ஆவணங்கள் 214. மீதி 11 எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதில்தான் பாட் தணிக்கை பற்றி எனக்கு இன்றுள்ள கருத்துகளில் பாதி உருவானது.

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு குழுமத்தின் பகிர்வுச் சேவை மையம். நான் அங்கே உள்தணிக்கையில் இருந்தேன். வாடகை, ஐடி செலவு, நிர்வாகச் செலவு என்று தலைமை நிறுவனம் செய்யும் செலவுகளை ஒவ்வொரு மாதமும் குழும நிறுவனங்களின் தலையில் பிரித்துப் போடுவார்கள். முன்பு இரண்டு பேர் உட்கார்ந்து அடித்த வேலை அது. பிறகு யூஐபாத் என்ற தானியக்க மென்பொருளில் எழுதிய ஒரு பாட்டிடம் போனது. எக்செல் தாளிலிருந்து வரி வரியாக எடுத்து, கணக்கு மென்பொருளான எஸ்ஏபியைத் திறந்து, `FB50` என்ற பதிவுத் திரையில் மனிதர் அடிப்பது போலவே அடித்துச் சேமிக்கும். இந்த நிறுவனங்கள் தனித்தனியாக ஜிஎஸ்டிக்குப் பதிந்தவை என்பதால் ஒவ்வொரு பதிவிலும் ஜிஎஸ்டி வரியும் உண்டு.

பாட்டைத் தணிக்கை செய்யும்போது பலர் பாட்டின் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் என்ன செய்ததாக நினைக்கிறதோ அதைத்தான் பாட் சொல்லும். என்ன நடந்தது என்பது லெட்ஜரில் இருக்கிறது. அதனால் முதலில் எஸ்ஏபியின் ஆவணத் தலைப்பு அட்டவணையான `BKPF`-ஐ எடுத்து, ஒரே குறிப்பு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கேட்டேன்:

```
SELECT bukrs, xblnr, COUNT(*)
  FROM bkpf
 WHERE usnam = 'RPA_FI01'
   AND cpudt BETWEEN '20240205' AND '20240209'
   AND tcode = 'FB50'
 GROUP BY bukrs, xblnr
HAVING COUNT(*) > 1
```

ஏழு குறிப்பு எண்கள் வந்து விழுந்தன. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஐடி செலவுப் பங்கு 18,400 வெள்ளி, 9% வரி 1,656 வெள்ளி, ஆக 20,056 வெள்ளி. பிப்ரவரி 5 காலை 06:14-க்கு ஒரு ஆவணம், 06:16-க்கு அச்சு அசலாக இன்னொன்று. விற்பனையாளர் இன்வாய்ஸ் என்றால், அமைத்து வைத்திருந்தால், ஒரே குறிப்பு எண் மீண்டும் வரும்போது எஸ்ஏபி எச்சரிக்கும். இப்படி நேரடியாகப் பொதுக் கணக்கில் போடும் பதிவுக்கு அந்தக் காவல் இல்லை.

அந்த இரண்டு நிமிடங்களில் நடந்ததைப் பாட்டின் லாக் காட்டியது. பாட் சேமிக்கும் பட்டனை அழுத்தியது, எஸ்ஏபியும் பதிவைச் சேமித்துவிட்டது. ஆனால் மாத இறுதிச் சுமையில் சர்வர் மெதுவாக ஓட, ‘ஆவணம் பதியப்பட்டது’ என்று திரையின் அடியில் வரவேண்டிய செய்தி பாட் காத்திருக்கும் நேரத்துக்குள் வரவில்லை. பாட் அதைத் தோல்வி என்று முடிவு கட்டி, லாக்கில் `System exception.` என்று எழுதி, எஸ்ஏபியை மூடித் திறந்து, அதே வரியை மறுபடி அடித்தது. இந்த முறை பதில் வந்தது. `Transaction Successful.` என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அறிக்கையில் அது ஒரு வெற்றி, லெட்ஜரில் இரண்டு பதிவு.

பாட்டின் விதிவிலக்குகள் இரண்டு வகை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். செலவு மையம் தவறு, தொகை காலி என்பது போன்றவை வணிக விதிவிலக்குகள். அவை ஆளிடம் போகும், யாராவது பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த 9 வரிகளும் அப்படித்தான் ஒழுங்காகக் கோப்பில் இருந்தன. தணிக்கையாளர்களும் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள். திரை தொங்கியது, நேரம் கடந்தது போன்ற சிஸ்டம் விதிவிலக்குகளைப் பாட் தானே சமாளித்துக்கொள்வதால் யாரும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் பணம் ஒளிந்திருப்பது இந்த இரண்டாவது வகையில்தான், அதுவும் முதலில் தோற்றுப் பிறகு ‘வெற்றி’ பெற்ற வரிகளில்.

சரி, அப்படியென்றால் அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க இது ஏன் நடக்கவில்லை? டிசம்பர் வரைக்கும் ஒரு இரட்டைப் பதிவுகூட இல்லை. ஜனவரியில் என்ன மாறியது என்று மாற்றப் பட்டியலைக் கேட்டேன். ஒரே ஒரு டிக்கெட். 2024 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானதே, அதற்காகப் பாட் பயன்படுத்தும் வரிக் குறியீட்டை மாற்றியிருந்தார்கள். கோரிக்கை, சோதனை, ஒப்புதல் எல்லாம் முறையாக இருந்தன. பாட்களை நிர்வகிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் பாட்டின் பதிப்பு எண்ணும் நவம்பரிலிருந்து மாறவேயில்லை. பதிப்பு எண் மாறவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. வரிக் குறியீடு மாறியிருக்கிறது, பதிப்பு மாறவில்லை என்றால் மாற்றம் பாட்டுக்கு வெளியே நடந்திருக்க வேண்டும்.

அது `Config.xlsx` கோப்பில் நடந்திருந்தது. பாட் தன் அமைப்புகளைப் படித்துக்கொள்ளும், பொதுவான ஒரு டிரைவில் கிடந்த கோப்பு. டிரைவ் தானாகச் சேமித்து வைத்திருந்த பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வரிகள் மாறியிருந்தன. ஒன்று வரிக் குறியீடு. இன்னொன்று `MaxRetryNumber`, 0-இலிருந்து 2 ஆகியிருந்தது. தோற்ற வரியை எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்று சொல்லும் எண் அது. வடிவமைத்தவர் அதைத் தெரிந்தேதான் பூஜ்யத்தில் வைத்திருந்தார்.

பாட்டைப் பராமரிக்கும் தம்பியிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். “வருஷக் கடைசியில எஸ்ஏபி ரொம்ப ஸ்லோ அக்கா. பாட் நின்னுட்டா விடியக்காலையில எனக்குத்தான் போன் வரும். டாக்ஸ் கோடு மாத்தும்போது அதையும் சேர்த்து மாத்திட்டேன். கோடு இல்லையே, கான்ஃபிக் தானே?” அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாற்றக் கட்டுப்பாட்டு விதிமுறையிலேயே ‘நிரல் மாற்றம்’ என்றுதான் இருந்தது. பாட்டின் நடத்தையை மாற்றும் எண் எக்செலில் உட்கார்ந்திருக்கும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

இதுவரைக்கும் 203-உடன் 7 சேர்த்து 210. இன்னும் 4 பாக்கி. அந்த நான்கு ஆவணங்களின் `TCODE` புலத்தில் `FB08` என்று இருந்தது. பதிவை ரத்து செய்யும் திரை அது. இந்தப் பாட்டின் வடிவமைப்பு ஆவணத்தில் அந்தத் திரையே கிடையாது. நேரம் பிப்ரவரி 8 இரவு 09:40. பாட் ஓடுவதோ காலை ஆறு மணிக்கு. எஸ்ஏபியின் பாதுகாப்பு லாக்கில் அந்த உள்நுழைவின் டெர்மினல் பெயரைப் பார்த்தேன். பாட் இயந்திரத்தின் பெயர் இல்லை, கணக்குப் பிரிவு மடிக்கணினி ஒன்றின் பெயர்.

சீனப் புத்தாண்டு அந்த வார இறுதியில். மேலாளர் முன்கூட்டியே விடுப்பில் போயிருந்தார். இரண்டு குழும நிறுவனங்களிலிருந்து, ‘எங்களுக்கு ஏன் இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனங்களுக்கு இரண்டாம் முறை விழுந்த நான்கு பதிவுகளையும் கணக்குப் பிரிவின் குழுத் தலைவர் தன் ஐடியில் ரத்து செய்ய முடியாது, மேலாளர் ஒப்புதல் வேண்டும். பாட்டின் ஐடியில் முடியும். ஏனென்றால் பாட்டை உருவாக்கியபோது, ஒரு மூத்த கணக்காளரின் அனுமதிகளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருந்தார்கள். பாஸ்வேர்டு எப்படித் தெரியும்? திரையில் வேலை செய்யும் பாட்டுக்கு எஸ்ஏபியில் ‘சிஸ்டம்’ வகை ஐடி ஒத்து வராது, அதில் திரைக்குள் நுழைய முடியாது. இங்கே சாதாரண ‘டயலாக்’ வகை கொடுத்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு காலாவதியாகும், பாட் நின்றுபோகும், யாராவது உள்ளே போய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்த யாராவது குழுத் தலைவர்தான்.

அவர் செய்த திருத்தம் கணக்குப்படி சரியானதுதான். கேள்வி கேட்ட நிறுவனங்களின் நான்கும் ரத்தாயின. கேட்காத நிறுவனங்களின் மூன்று அப்படியே நின்றன. மார்ச்சில் நாங்கள் பார்த்ததால், ஜனவரி–மார்ச் காலாண்டுக்கான `F5` ஜிஎஸ்டி படிவம் வரித்துறையான ஐராஸுக்குப் போவதற்கு முன்பே அந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் விற்பனை வரியைக் கூடுதலாகக் காட்டி, பிறகு `F7` போட்டுத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

அறிக்கையில் நான் வலியுறுத்தியவை கொஞ்சம்தான். மறுமுயற்சிக்கு முன் அதே குறிப்பு எண்ணில் ஆவணம் இருக்கிறதா என்று பாட் எஸ்ஏபியில் தேட வேண்டும், அதுவரை அந்த எண் பூஜ்யத்துக்கே திரும்ப வேண்டும். கான்ஃபிக் கோப்பும் மாற்றக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். பாட்டுக்கு `FB50` தவிர வேறு பதிவுத் திரை வேண்டாம். பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் வால்ட் மென்பொருள் ஒன்று அதைத் தானே மாற்றட்டும், எந்த மனிதருக்கும் தெரிய வேண்டியதில்லை. பாட் பதிவை லெட்ஜரில் ஏற்றாமல் நிறுத்தி மட்டும் வைக்கட்டும், மனிதர் பார்த்து விடுவிக்கட்டும் என்று சக தணிக்கையாளர் ஒருவர் சேர்க்கச் சொன்னார். நான் மறுத்தேன். இருநூறு பதிவுகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து ஒரே கிளிக்கில் விடுவிப்பார்கள், காகிதத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு கூடும்.

டெர்மினல் பெயரை ஒப்பிடும் சோதனை அதற்குப் பிறகு எங்கள் தணிக்கைத் திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தது. அதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒருவர் தன் மடிக்கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பாட் இயந்திரத்துக்குள்ளேயே போய் எஸ்ஏபியைத் திறந்தால், லாக்கில் பாட்டின் டெர்மினல் பெயர்தான் விழும். அதனால் அந்த இயந்திரத்தின் விண்டோஸ் பாதுகாப்பு லாக்கில் `4624` நிகழ்வுகளையும் எடுக்கிறோம். லாகான் வகை 10 என்றால் ரிமோட் நுழைவு. பாட் தனக்கான திரையைத் திறக்கும்போதுகூட அந்த வகை வரலாம் என்பதால், எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த லாக் சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும், அதனால் மாதக் கணக்கை மூடி முடித்த மறுநாளே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.