கார்பன் மோனாக்சைடு பிணைப்பு நீளம்: நாலாவது தசமம் மட்டும் மசிய மாட்டேங்குது

மூலக்கூறு சுத்தறதால வர்ற ரொட்டேஷனல் கோடுகளோட அதிர்வெண்ண மட்டும் வச்சு கார்பன் மோனாக்சைடோட பிணைப்பு நீளத்த எடுத்துட்டேன், 1.1309 ஆங்ஸ்ட்ராம். புத்தகத்துல போட்டிருக்கறது 1.1283. வித்தியாசம் 0.0026 தானேன்னு நெனைப்பீங்க, ஆனா அதிர்வெண் ஏழெட்டு இலக்கம் வரைக்கும் சுத்தமா கைல இருக்கறப்ப நீளம் மூணாவது தசமத்துலயே இடிச்சா விட மனசு வருமா. அதான் இந்தப் பதிவு.

கோடுகள நான் அளக்கல, சொல்லிடறேன். 115 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யற சோர்ஸும் டிடெக்டரும் வாங்கறதுன்னா மன்னார்குடி பக்கம் இருக்கற ஒரு மா நிலத்த வித்துட்டுத்தான் பேசணும். கொலோன் பல்கலைக்கழகத்துக்காரங்க கேட்டலாக்ல `c028503.cat` ஃபைல்ல எல்லாம் இருக்கு, ஆய்வகத்துல அளந்தது, அதுலேர்ந்து முதல் அஞ்சு கோட்ட எடுத்துக்கிட்டேன்.

எல்லாரும் படிச்ச கதை என்னன்னா கோடுகள் இயந்திர நடவு போட்ட வரிசை மாதிரி சம இடைவெளில நிக்கும், அந்த இடைவெளி 2B, B-ங்கறது சுழற்சி மாறிலி, அது தெரிஞ்சா நிலைமத் திருப்புத்திறன், அதுலேர்ந்து நீளம். கதை சரிதான் ஆனா நெஜ நம்பர்ல பாருங்க, முதல் கோடு 115271.202 மெகாஹெர்ட்ஸ், அடுத்த கோட்டுக்கு இடைவெளி 115266.798, அதுக்கடுத்தது 115257.990, அப்புறம் 115244.778, 115227.162. போகப்போக குறுகுது. மூலக்கூறு வேகமா சுத்தச்சுத்த பிணைப்பு கொஞ்சம் இழுபடுது, நிலைமத் திருப்புத்திறன் கூடுது, கோடு எதிர்பார்த்ததவிட கீழ வந்து விழுது. இப்ப இதுல எந்த இடைவெளிய 2Bன்னு எடுக்கறது? சராசரி போட்டுட்டா ஆச்சுன்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அந்த வழக்கமே பிடிக்காது, ஏன்னா எத்தன கோடு எடுக்கறீங்களோ அதுக்கேத்தபடி விடை மாறும்.

நான் ரொம்ப நேரம் உக்காந்தது இந்த ஒரு படில தான். ஒவ்வொரு கோடும் கெளம்பற சுழற்சி நிலையோட எண் J, முதல் கோட்டுக்கு அது 0. அதிர்வெண்ண J+1க்கு எதிரா கிராஃப் போட்டா ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேர்கோடு வரும், பார்க்க அழகா இருக்கும், ஆனா ஒரு உபயோகமும் இல்ல. இழுபடற விளைவு அஞ்சாவது கோட்டுல கூட லட்சத்துல பதினாறு பங்கு தான்ங்கற இடத்துல கண்ணுக்கு என்ன தெரியும். பண்ண வேண்டியது, ஒவ்வொரு கோட்டையும் அதோட J+1ஆல வகுத்துட்டு, வந்தத (J+1)²க்கு எதிரா போடணும். சமன்பாடு ν = 2B(J+1) − 4D(J+1)³ தானே, D-ங்கறது அந்த இழுபடறதோட அளவு, வகுத்தா 2B − 4D(J+1)² ஆயிடும், அதாவது வெட்டுத்துண்டு 2B, சாய்வு −4D. ஸ்ப்ரெட்ஷீட்ல கிகாஹெர்ட்ஸா போடறவங்க தசம இடத்த கூட்டி வச்சுக்கோங்க, இல்லன்னா அஞ்சு செல்லுலயும் ஒரே நம்பர் நிக்கற மாதிரி காட்டி கடுப்பேத்தும். எனக்கு அந்த சள்ளையே வேணாம்னு பைத்தான்ல போட்டேன்:

```python
import numpy as np
f = np.array([115271.2018, 230538.0000, 345795.9899,
              461040.7682, 576267.9305])
n = np.arange(1, 6)
s, c = np.polyfit(n**2, f/n, 1)
print(c/2, -s/4)
```

B = 57635.968, D = 0.1835, ரெண்டுமே மெகாஹெர்ட்ஸ்ல. அஞ்சு புள்ளியும் கோட்டு மேலயே உக்காருது. இந்த முறைல இன்னொரு லாபமும் இருக்கு, கோட்டுக்கு J எண்ண ஒண்ணு தள்ளி போட்டுட்டா வகுத்து வர்ற நம்பரெல்லாம் 115271 பக்கத்துலயே நிக்காம கன்னாபின்னான்னு சிதறும், உடனே புடிச்சிடலாம். வெறும் இடைவெளிய மட்டும் பார்த்தா அது தெரியவே தெரியாது.

மிச்சம் சுலபம். 505379ஐ B-ஆல வகுத்தா (அணு நிறை அலகு, ஆங்ஸ்ட்ராம், மெகாஹெர்ட்ஸ்னு எல்லாம் சேர்ந்த மாறிலி அது) 8.76847 வருது. ரெட்யூஸ்டு மாஸ் μ 6.856209, இதுக்கு பீரியாடிக் டேபிள்ல இருக்கற 12.011 மாதிரி சராசரி நிறைய போடக்கூடாது, கார்பன்-12, ஆக்சிஜன்-16ஓட தனி நிறை தான் போடணும். வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 1.1309.

சரி புத்தகத்துல ஏன் 1.1283? ரெண்டும் வேற வேற நீளம், அவ்வளவுதான். மூலக்கூறு எவ்வளவு குளிர்ந்தாலும் பூஜ்ய நிலை அதிர்வு நிக்காது, நம்ம B அந்த ஆட்டத்தோட 1/r² சராசரிய தான் சொல்லுது, அந்த நீளத்துக்கு r₀னு பேரு. புத்தகத்துல இருக்கறது rₑ, ஆட்டமே இல்லாம ஆற்றல் பள்ளத்தோட அடில அணுக்கள் நின்னா என்ன தூரமோ அது. பள்ளம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல, வெளிப்பக்கம் சாய்வு கம்மி, அதனால ஆடற மூலக்கூறு கொஞ்சம் நீண்டு இருக்கு.

அப்ப ஆட்டத்த எப்படி கழிக்கறது? கனமான ஐசோடோப் கம்மியா ஆடும், அதனால கார்பன்-13 கோடுகளயும் இறக்கினேன், முதல் கோடு 110201.354, ரெண்டாவது 220398.684. அதே வேலைய பண்ணா B 55101.01, நீளம் 1.13083. கார்பன்-12க்கு 1.13089. பாருங்க, பிணைப்பு அதே பிணைப்பு தான், ஒரு நியூட்ரான் கூடினதுக்கு 0.00006 ஆங்ஸ்ட்ராம் சுருங்கியிருக்கு, அது இந்தக் கணக்குல தெளிவா தெரியுது! கல்லூரி லேப்ல இருக்கற ஒரு தம்பிகிட்ட போன்ல சொன்னா, “அண்ணே, இதுக்கு போயி இந்நேரத்துல கூப்பிடுவீங்களா”ங்கறான்.

அடுத்தது B × μவ 1/√μக்கு எதிரா ரெண்டு புள்ளியா வச்சு, கோட்ட பூஜ்யம் வரைக்கும் நீட்டினேன், நிறை முடிவிலியா இருந்தா ஆட்டமே இருக்காதுங்கற யோசனை. வந்தது 1.1281. 1.1309லேர்ந்து இவ்வளவு கிட்ட வந்தாச்சு, ஆனா 1.1283 வரல, அங்கேயே நின்னுக்கிட்டு மொரண்டு புடிக்குது. காரணம் யோசிச்சா புரியுது, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கற தூரத்தவிட பூஜ்யத்துக்கு 45 மடங்கு தூரம், எந்த சின்ன பிசகும் 45 மடங்கா ஊதி வரும். இங்க பிசகு அளவீட்டுல இல்ல. எலக்ட்ரான்கள் அணுக்கருவோட ஒட்டிக்கிட்டே சுத்துதுன்னு நெனச்சு அணு நிறைய போடறோமே, அது கச்சிதமான உண்மை இல்ல, அந்தத் திருத்தத்தோட அளவ போட்டுப் பார்த்தா இடிக்கற வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவேதான். ஐசோடோப்ப வச்சு இதுக்கு மேல தோண்டணும்னா ஆக்சிஜன்-18ஐயும் இழுத்துப் போட்டு திருத்தத்தையும் சேர்த்து ஃபிட் பண்ணணும், அது பாதில கெடக்கு.

அதுக்குள்ள மனசு ஹைட்ரஜன் குளோரைடு பக்கம் போயிடுச்சு. அதுல 2B கிட்டத்தட்ட 20.9 செமீ⁻¹, இடைவெளி பெருசு, 2886 செமீ⁻¹ பக்கம் இருக்கற அதிர்வுப் பட்டைய சாதாரண எஃப்டிஐஆர் அகச்சிவப்புக் கருவிலயே தனித்தனி கோடா பிரிக்கலாம். பட்டைல ஒரு பக்கம் இடைவெளி குறுகிக்கிட்டே போகும், மறுபக்கம் அகலும், அந்த வித்தியாசத்துலேர்ந்து அதிர்வோட அடி நிலைக்கும் அடுத்த நிலைக்கும் B எவ்வளவு மாறுதுன்னு நேரடியா எடுத்துடலாம், 45 மடங்கு நீட்டற வம்பே இல்லாம rₑக்கு போயிடலாம். குளோரின்-35, 37னு ஒவ்வொரு கோடும் ரெண்டா பிளந்து நிக்கும், ரெசல்யூஷன் 1 செமீ⁻¹க்கு கீழ வச்சா அது தெளிவா தெரியும்.

இப்ப முட்டுக்கட்டை கேஸ் செல் தான். திருச்சில ஒருத்தர்கிட்ட பொட்டாசியம் புரோமைடு ஜன்னல் ஒரு ஜோடி வாங்கினேன், பொட்டலம் பிரிக்கறப்பவே மங்கி இருந்துச்சு, ஐப்பசி மழைல நம்ம டெல்டா ஈரத்துக்கு அது இன்னும் ஒரு வாரம் தாங்கினா அதிசயம். கால்சியம் ஃப்ளோரைடு ஈரத்துக்கு கரையாது, 2886லயும் ஒளி நல்லா போகும், வெலை தான் கேக்க முடியல. பழசா யாராவது வச்சிருந்தா சொல்லுங்க, 25 மில்லிமீட்டர் வட்டம் போதும்.